அம்மாவின் ஆயுளைப் பார்க்கச் சொன்ன நண்பனுக்கு நான் எழுதிய பதில், இது சரிதானா?

பஞ்சாங்கப்பித்தன் எழுதியது:

நான் தொழில்முறை ஜோதிடன் இல்லை. பகலில் விதைக்கடையில் கணக்கு எழுதுகிறேன், சாயங்காலம் தெரிந்தவர்கள் வந்தால் கட்டம் போட்டுப் பார்ப்பேன், காசு வாங்குவதில்லை. கல்யாணப் பொருத்தம், வேலை, வீடு மாற்றம், இந்த மாதிரிதான் பெரும்பாலும் வரும். முந்தாநாள் ராத்திரி பதினொன்றே முக்காலுக்கு ஷார்ஜாவில் இருக்கும் பள்ளித்தோழன் ஒரு செய்தி அனுப்பினான். அவன் அம்மாவுக்கு 71 வயது, தஞ்சாவூரில் தனியாக இருக்கிறார்கள். காலையில் பால்காரர் கூப்பிட்டும் கதவு திறக்கவில்லை, பக்கத்து வீட்டார் போய்ப் பார்த்தால் கட்டிலுக்குக் கீழே கிடக்கிறார்கள். இடது கை கால் விழுந்துவிட்டது, மூளையில் ரத்தக்குழாய் அடைப்பு என்று ஐசியுவில் வைத்திருக்கிறார்கள். செய்தியின் கடைசியில் பிறந்த விவரம்: மாசி மாதம், பூராடம், "விடியற்காலை சேவல் கூவுகிற நேரம்னு பாட்டி சொல்லும்". அதற்குக் கீழே ஒரே வரி. "அம்மாவுக்குக் கண்டம் இருக்கா, தேறிடுவாங்களா, பார்த்துச் சொல்லுடா."

நான் கட்டம் போடவில்லை. அரைமணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்துவிட்டு இதை எழுதி அனுப்பினேன். அப்படியே ஒட்டுகிறேன், பெயர்களை மட்டும் எடுத்துவிட்டேன்.

"மாப்ளே, செய்தியைப் பார்த்தேன். கை நடுங்குகிறது எனக்கே, உனக்கு எப்படி இருக்கும். உங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பரீட்சைக்குப் படித்தபோது அம்மா ராத்திரி ஒரு மணிக்குச் சுக்குக்காபி போட்டுக்கொண்டு வந்து நிற்பார்களே, அதுதான் கண்முன் வருகிறது. ஜாதகத்தை நான் திறக்கவில்லை, திறக்கவும் போவதில்லை. நீ அனுப்பிய விவரத்தைக் கட்டமாகக்கூடப் போடவில்லை, அதனால் எதையோ பார்த்துவிட்டு மறைக்கிறேன் என்று நினைக்காதே. இந்த விஷயத்துக்கு அதில் பதில் தேட எனக்கு மனம் இல்லை, என் கணக்கை நம்பி நீ ஒரு முடிவு எடுப்பது எனக்கு வேண்டாம். 'ஒன்றும் ஆகாது' என்றும் சொல்லமாட்டேன், அது எனக்குத் தெரியாது. நாளைக் காலை ஆறரைக்கு ஆஸ்பத்திரிக்குப் போகிறேன். டாக்டர் ரவுண்ட்ஸ் வரும்போது உன்னை போனில் போடுகிறேன், கேட்க வேண்டியதை எழுதி வை. முடிந்தால் வந்துவிடு. டிக்கெட் பணம் பற்றி யோசிக்காதே. உன் தங்கைக்கு ராத்திரி துணைக்கு என் வீட்டுக்காரி இருப்பாள். தூக்கம் வராவிட்டால் எத்தனை மணிக்கு வேண்டுமானாலும் கூப்பிடு."

இதை அனுப்பிய பிறகு ராத்திரி இரண்டு மணிக்கு அவனிடமிருந்து வந்தது: "வந்துவிடுன்னு சொல்றியே, அப்போ பார்த்துட்டே, இல்லையா? மறைக்காதே."

நான் சரியாகத்தான் எழுதினேனா? இதற்கு என்ன பதில் போடுவது?

---

கடகம்_லக்னம் எழுதியது:

நல்ல மனசுதான், ஆனால் பார்த்துவிட்டே சொல்லியிருக்கலாம். அம்மாவின் நேரம் சரியாகத் தெரியாவிட்டால் என்ன, பையன் ஜாதகம் இருக்குமே, அவனுக்கு 4ஆம் இடத்தை லக்னமாக வைத்து, அதற்கு 2, 7 பார்த்தால் மாதுர் காரகம் பேசிவிடும். சந்திரன் எங்கே இருக்கிறார் என்று பார்த்தாலே பாதி தெரிந்துவிடும். அப்புறம் ஒரு விஷயம், ஆபரேஷன் ஏதாவது சொன்னால் பூராடத்துக்குச் சந்திராஷ்டமம் போகிறதா என்று பார்த்து, அது கழிந்த பிறகு கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். இதையாவது சொல்லலாம் இல்லையா, இது உதவிதானே.

---

ராத்திரி ட்யூட்டி எழுதியது:

நான் செவிலியர், நரம்பியல் ஐசியுவில் பல வருடம் வேலை பார்த்தவள். ஜாதகம் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது, அதில் தலையிடவில்லை. ஆனால் மேலே ஒருவர் சந்திராஷ்டமம் கழியட்டும் என்கிறார், அதை மட்டும் தயவுசெய்து யாரும் அந்தப் பிள்ளையிடம் சொல்லாதீர்கள்.

பெரிய அடைப்பாக இருந்தால் மூளை வீங்கும். முதல் நாளைவிட இரண்டாம் நாளிலிருந்து ஐந்தாம் நாள் வரைக்கும்தான் வீக்கம் கூடும். வீக்கம் ரொம்ப அதிகமானால் மண்டை ஓட்டில் ஒரு பகுதியை எடுத்துவிட்டு மூளைக்கு இடம் கொடுக்கிற அறுவை ஒன்று உண்டு. எல்லோருக்கும் செய்வதில்லை, 60 வயதைத் தாண்டியவர்களுக்குச் செய்தால் உயிர் பிழைத்தாலும் படுக்கையோடு இருக்கும் நிலை நிறையப் பேருக்கு வரும், அதனால் குடும்பத்தோடு உட்கார்ந்து பேசித்தான் முடிவு எடுப்பார்கள். செய்வதானால் முதல் இரண்டு நாளுக்குள் செய்வதில்தான் பலன் நன்றாகத் தெரிந்திருக்கிறது. நல்ல நேரம் பார்த்துக் காத்திருந்தால் அந்த இரண்டு நாளும் அப்படியே போய்விடும். இதை நான் வாசலில் நின்று பார்த்திருக்கிறேன்.

இன்னொன்று. வீக்கம் ஏறிக்கொண்டிருக்கும் நாட்களில், கையில் ஸ்கேனை வைத்துக்கொண்டு டாக்டர்களே "தேறிவிடுவார்" என்றும் சொல்லமாட்டார்கள், "முடியாது" என்றும் சொல்லமாட்டார்கள். மழுப்புகிறார்கள் என்று ஜனங்களுக்குக் கோபம் வரும். அந்த நேரத்தில் சொல்வதற்கு உண்மையிலேயே எதுவும் இருக்காது. பித்தன் ஐயா, நீங்கள் எழுதியதும் அதே வகையான பதில்தான்.

---

திருவையாறு மாமா எழுதியது:

பித்தன், நான் முப்பது வருடத்துக்கு மேல் ஜாதகம் பார்த்துக்கொண்டிருக்கிறேன், இதில் அடி வாங்கியும் இருக்கிறேன். அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளவும்.

முதலில் கடகம்_லக்னம் தம்பிக்கு. 4ஆம் இடத்தை லக்னமாகத் திருப்பிப் பார்க்கிற முறை இருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. 3ம் 8ம் ஆயுள் ஸ்தானம், அவற்றுக்குப் பன்னிரண்டாம் இடம் 2ம் 7ம், அதனால் அவை மாரகம், இதுவும் சரி. ஆனால் எத்தனை சங்கிலி பாருங்கள். சந்திராஷ்டமமோ மாதாமாதம் இரண்டேகால் நாள் எல்லோருக்கும் வரும். அதில் பஸ் ஏறாதே என்றால்கூடப் பரவாயில்லை, ஆஸ்பத்திரிப் படுக்கையில் இருப்பவருக்கு அதைக் கொண்டுபோய்ப் பொருத்துவது எந்த நியாயத்திலும் சேராது.

சேவல் கூவிய நேரம் என்கிறார்கள். மூன்றரையிலிருந்து ஐந்தரை வரை வைத்துக்கொள்வோம், இரண்டு மணி நேரம். லக்னம் ஒரு ராசியைக் கடக்கச் சராசரி இரண்டு மணி நேரம். ஆக லக்னமே இன்னதென்று தெரியாது, லக்னம் தெரியாவிட்டால் 2ம் 7ம் எங்கே என்று தெரியாது. சரி, லக்னத்தை விடுங்கள், தசையாவது நிற்குமா? பூராடம் என்பதால் பிறப்பில் சுக்கிர தசை, 20 வருடம். சந்திரன் ஒரு நட்சத்திரத்தைக் கடக்க ஏறக்குறைய ஒரு நாள். இரண்டு மணி நேரம் என்பது அதில் பன்னிரண்டில் ஒரு பங்கு. 20 வருடத்தில் பன்னிரண்டில் ஒரு பங்கு, ஒரு வருடம் எட்டு மாதம். பிறப்பில் தசை இருப்பு அவ்வளவு முன்னே பின்னே போனால் அதற்கப்புறம் வரும் ஒவ்வொரு தசையும் புக்தியும் அதே அளவுக்கு நகரும். அம்மையாருக்கு 71 வயது, பிறக்கும்போது சுக்கிரனில் பன்னிரண்டு வருடம் பாக்கி இருந்ததாக ஒரு பேச்சுக்கு வைத்தால், சூரியன் 6, சந்திரன் 10, செவ்வாய் 7, ராகு 18, குரு 16, இப்படிக் கூட்டிக்கொண்டு வந்து 69 வயதில் சனி தசை. சனியில் சுயபுக்தி மூன்று வருடம் மூன்று நாள். பாட்டி சொன்ன சேவல் கொஞ்சம் முன்னால் கூவியிருந்தால் இப்போது சுயபுக்தி, கொஞ்சம் தாமதமாகக் கூவியிருந்தால் அது முடிந்து புதன் புக்தி. ஒன்று "சனியில் சனி, ஜாக்கிரதை" என்று சொல்ல வைக்கும், மற்றது "புதன் வந்துவிட்டார், பயமில்லை" என்று சொல்ல வைக்கும். இந்த லட்சணத்தில் ஒரு மகனிடம் எந்த வாயால் பதில் சொல்வது?

சேவலை விட்டுத்தள்ளுங்கள், அச்சடித்த பஞ்சாங்கத்திலேயே ஒற்றுமை கிடையாது. சனி கும்பத்துக்கு வந்தது திருக்கணிதப்படி 2023 ஜனவரி 17, வாக்கியப்படி அதே வருடம் டிசம்பர் 20. கடக ராசிக்காரருக்கு அஷ்டமச் சனி எப்போது ஆரம்பித்தது என்பதிலேயே பதினொரு மாத வித்தியாசம். கல்யாணத்தைத் தள்ளி வைப்பதற்கு இந்த வித்தியாசம் பெரிய விஷயம் இல்லை. உயிர் விஷயத்தில் வேண்டாம்.

பழைய கிரந்தங்களில் ஆயுள் கணக்கு இருக்கிறதே, அற்பாயுள், மத்திமாயுள், பூரணாயுள் என்று பிரித்தே வைத்திருக்கிறார்களே என்று யாராவது கேட்பீர்கள். இருக்கிறது. முதலில் ஆயுளைப் பார், பிறகு யோகத்தைச் சொல் என்பதுதான் விதி. அது ஜோதிடன் தனக்குள் வைத்துக்கொள்ள வேண்டிய கணக்கு. எண்பது வயதில் வரும் ராஜயோகத்தை நாற்பதோடு முடிகிற ஜாதகனிடம் அளக்காதே என்பதற்காகச் சொன்னது. எதிரில் இருப்பவனிடம் தேதி சொல் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்த பெரியவர் ஒருநாளும் சொன்னதில்லை, சொன்னவனைத் திண்ணையில் ஏற்றவும் மாட்டார்.

உங்கள் கடிதத்துக்கு வருகிறேன். அதில் ஆக நல்ல வரி "திறக்கவில்லை" என்பதுதான். இதை நான் கற்றுக்கொண்ட கதை கசப்பானது. பல வருடத்துக்கு முன்னால் ஒரு பெண் கணவனின் ஜாதகத்தைக் கொண்டுவந்தாள், அவர் ஆஸ்பத்திரியில் இருந்தார். நான் புத்தகத்தை விரித்துப் பார்த்துவிட்டு, எனக்கே எதுவும் தெளிவாக இல்லாததால், "நாளைக்குப் பேசுவோம் அம்மா" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். அவள் வீட்டுக்குப் போய் ஊரிலிருந்து உறவுக்காரர்களை எல்லாம் வரவழைத்துவிட்டாள். ஐசியு வாசலில் பதினெட்டுப் பேர் அழுதுகொண்டு நின்றது எனக்கு மறுநாள்தான் தெரிந்தது. அவர் பிழைத்து வந்தது வேறு விஷயம். பார்த்துவிட்டுச் சும்மா இருந்தால் அந்தச் சும்மாவும் பலன் சொன்னதாகத்தான் ஆகும். அதனால் மறுப்பதென்றால் கட்டத்தைத் தொடுவதற்கு முன்பே மறுத்துவிட வேண்டும், தொடவில்லை என்று வாய்விட்டும் சொல்ல வேண்டும். நீங்கள் இரண்டையும் செய்திருக்கிறீர்கள்.

தப்பு எங்கே என்றால் "முடிந்தால் வந்துவிடு". காரணம் சொல்லாமல் விட்டீர்கள், ஜோதிடன் வாயிலிருந்து காரணம் இல்லாமல் வந்த வார்த்தை என்பதால் அவன் அதைக் கிரகத்தோடு முடிச்சுப் போட்டுக்கொண்டான்.

---

மணல்மேடு எழுதியது:

வணக்கம் ஐயா. என் அப்பா, 1949, ஆவணி, உத்திராடம், மாலை 6.10, மாயவரம். சிறுநீரகம் இரண்டும் போய் வாரம் மூன்று டயாலிசிஸ். எப்போது சரியாகும், மாற்று சிறுநீரகம் அமையுமா, பார்த்துச் சொல்லவும். தட்சணை அனுப்பி வைக்கிறேன்.

---

பஞ்சாங்கப்பித்தன் எழுதியது:

மணல்மேடு ஐயா, மன்னிக்கவும், இங்கே பலன் பார்க்கவில்லை, வேறு பேச்சு ஓடுகிறது. அப்பாவின் விவரத்தை இங்கிருந்து எடுத்துவிடுங்கள், எல்லோரும் பார்க்கிற இடம். டயாலிசிஸ் நாட்களில் கூட யார் போகிறார்கள், நீங்கள் ஒருவர்தானா?

மாமா, புரிகிறது. அந்த இரண்டு மணிச் செய்திக்கு இன்னும் பதில் போடவில்லை. போன் பண்ணினேன், எடுக்கவில்லை.

---

எதுக்கு_இதெல்லாம் எழுதியது:

எல்லோரும் நல்லவர்களாகத்தான் தெரிகிறீர்கள், ஆனால் நேராகவே கேட்கிறேன். சேவல் கணக்கு ஒன்றே முக்கால் வருடம் ஆடுகிறது, பஞ்சாங்கம் பதினொரு மாதம் ஆடுகிறது என்று நீங்களே ஒத்துக்கொள்கிறீர்கள். அப்புறம் கல்யாணத்துக்கு மட்டும் இது எப்படிச் சரியாக வருகிறது? "இந்த விஷயத்துக்கு அதில் பதில் தேட எனக்கு மனம் இல்லை" என்று மென்மையாக எழுதுவதற்குப் பதில் "மாப்ளே, இதில் பதிலே கிடையாது" என்று எழுதியிருந்தால் ராத்திரி இரண்டு மணிக்கு அந்தக் கேள்வி வந்திருக்காது. கதவைச் சாத்தாமல் ஒருக்களித்து வைத்தீர்கள், அவன் எட்டிப் பார்க்கிறான்.

---

திருவையாறு மாமா எழுதியது:

தம்பி, கல்யாண விவாதத்தை இன்னொரு நாள் வைத்துக்கொள்ளலாம், நான் ஓடமாட்டேன். ஆனால் ஒருக்களித்த கதவு என்று சொன்னது உறைக்கிறது. அதே சமயம், இருபது வருடமாக நம்பிக்கொண்டிருந்தவனிடம், அம்மா ஐசியுவில் இருக்கிற ராத்திரியில், நீ பிடித்துக்கொண்டிருப்பது வெறும் கயிறு என்று சொல்ல எனக்கு வராது.

---

சுமதி பெ எழுதியது:

இதைப் படித்ததிலிருந்து மனசு ஒரு மாதிரி இருக்கிறது. எங்கள் வீட்டில் நடந்தது இதற்கு நேர் எதிர். அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்து சேர்த்திருந்தோம். குடும்ப ஜோதிடர் ஒருவரைச் சித்தப்பா கேட்டார். "தீர்க்காயுசு, எண்பத்தி நாலு வரைக்கும் அசைக்க முடியாது" என்று சொல்லிவிட்டார். ஆறுதலுக்காகச் சொன்னாரோ, நம்பித்தான் சொன்னாரோ. நான் அதை நம்பி ஞாயிற்றுக்கிழமை ராத்திரி பெங்களூருக்குத் திரும்பினேன், திங்கட்கிழமை ஒரு மீட்டிங் இருந்தது. செவ்வாய்க்கிழமை விடியற்காலை போன். அப்பாவுக்கு அறுபத்தாறு.

ஜோதிடர் மேல் எனக்கு இப்போது கோபம் இல்லை, இருந்திருந்தால் மட்டும் என்ன செய்திருக்க முடியும். ஆனால் "ஒன்றும் ஆகாது" என்று யாராவது சொன்னால் இன்றைக்கும் வயிற்றைக் கலக்கும். பித்தன் அந்த வார்த்தையைச் சொல்லமாட்டேன் என்று எழுதியதைப் படித்தபோது அழுதேன். அதுவும் ஒரு பலன்தானே, நல்ல பலன் என்பதால் யாரும் தப்பாக நினைப்பதில்லை.

---

அச்சரப்பாக்கம் பாஸ்கரன் எழுதியது:

எங்கள் பெரியப்பா கதை கேளுங்கள். பைபாஸ் முடிந்து படுத்திருந்தவருக்கு யாரோ ஒருவர் வரும் ஐப்பசியைத் தாண்டாது என்று சொல்லிவிட்டார். பெரியப்பாவும் தைரியசாலி, சரி என்று நிலத்தை மூன்று பிள்ளைகளுக்கும் எழுதி வைத்தார், மாட்டை விற்றார், கடனை அடைத்தார். ஐப்பசி போயிற்று, அடுத்த ஐப்பசியும் போயிற்று. அதற்கப்புறம் பதினோரு வருடம் இருந்தார். எழுதிக் கொடுத்த நிலத்தில் ஓரமாக ஒரு கொட்டகை போட்டுக்கொள்ள மகனிடம் அனுமதி கேட்க வேண்டியிருந்தது அவருக்கு. ஊரில் கிண்டலாகச் சொல்வார்கள், ஆனால் அவர் சிரித்து நான் பார்த்ததில்லை.

---

ராத்திரி ட்யூட்டி எழுதியது:

பித்தன் ஐயா, பதில் எழுதும் முன் ஒன்று யோசித்துப் பாருங்கள். ஐசியு வாசலில் "பிழைப்பாங்களா சிஸ்டர்" என்று கேட்பவர்களிடம் நான் "ஏன்மா கேக்குறீங்க, என்ன முடிவு எடுக்கணும்" என்று திருப்பிக் கேட்பேன். பெரும்பாலும் வேறு ஒரு கேள்வி உள்ளே இருக்கும். வெளிநாட்டிலிருந்து அண்ணனை வரச் சொல்வதா, நகையை அடகு வைப்பதா, வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய்விடுவதா. சில பேருக்கு, நாம் லேட் பண்ணிவிட்டோமா என்பது. கடைசியாகச் சொன்னதுதான் ரொம்ப வலிக்கும். உங்கள் நண்பருக்கு எது என்று கேட்டீர்களா?

---

பஞ்சாங்கப்பித்தன் எழுதியது:

காலையில் ஆஸ்பத்திரியில் இருந்தேன், அவன் போனில் வந்தான். சிஸ்டர் சொன்னது போலவே கேட்டேன். முதலில் ஒன்றும் இல்லை என்றான். பிறகு சொன்னான், இரண்டு விஷயம். ஒன்று, வேலையில் பத்து நாள்தான் லீவு தருவார்கள், இப்போதே வந்து அதைத் தீர்த்துவிட்டால் "பின்னால் தேவைப்படும்போது" என்ன செய்வது என்று. அதற்காகத்தான் கண்டம் எப்போது என்று கேட்டிருக்கிறான், பாவம். இரண்டாவது, முந்தின நாள் ராத்திரி ஒன்பது மணிக்கு அம்மாவோடு பேசியிருக்கிறான். நாக்கு கொஞ்சம் குழறின மாதிரி இருந்ததாம், பல்செட்டைக் கழற்றிவிட்டார்கள் போல என்று நினைத்து வைத்துவிட்டானாம். அப்போதே யாரையாவது அனுப்பியிருந்தால் ஊசி போட்டிருப்பார்களே என்கிறான். அதற்கு நான் என்ன சொல்ல?

---

ராத்திரி ட்யூட்டி எழுதியது:

"உன் தப்பு இல்லை" என்று அவசரமாகச் சொல்லாதீர்கள், அவர் நம்பமாட்டார். தெரிந்ததைச் சொல்லுங்கள். ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு நாலரை மணி நேரம் என்பது கணக்கு. தூக்கத்தில் வந்திருந்தால் எப்போது ஆரம்பித்தது என்று யாருக்கும் தெரியாது, அதனால் கடைசியாக நன்றாக இருந்ததைப் பார்த்த நேரத்திலிருந்து மணியை எண்ணுவார்கள். காலையில் கண்டுபிடித்தபோது அது தாண்டிப் போயிருக்கும். சில பெரிய இடங்களில் ஸ்கேன் பார்த்து அதற்குப் பிறகும் முடிவு செய்வதுண்டு, எல்லா இடத்திலும் இல்லை. ஒன்பது மணிக்குக் கேட்ட குழறல் இதுவா, பல்செட்டா என்று இப்போது யாராலும் சொல்ல முடியாது. டாக்டரிடம் அவரையே நேராகக் கேட்கச் சொல்லுங்கள். மறைத்து வைத்தால் அது வருடக்கணக்கில் உள்ளேயே இருக்கும்.

இன்னும் அவசரமான ஒன்று. உறவினர் யாராவது கோயிலிலிருந்து தீர்த்தம் கொண்டுவந்து வாயில் விடப் பார்ப்பார்கள், பாட்டிகள் ஸ்பூனில் காபி கொடுப்பார்கள். விழுங்குவதைச் சோதித்துப் பார்த்துச் சரி என்று சொல்லும்வரை ஒரு சொட்டுக்கூட வாயில் போகக்கூடாது. நுரையீரலுக்குப் போய் நிமோனியா ஆகிவிடும், இந்த நோயாளிகளை நாங்கள் இழப்பது நிறைய அதனால்தான். நெற்றியில் விபூதி வைக்கட்டும், தீர்த்தத்தைத் தலையில் தெளிக்கட்டும், யாரும் தடுக்கமாட்டார்கள்.

இடது பக்கம் விழுந்திருக்கிறது என்றால் பல பேருக்கு இடது பக்கம் என்று ஒன்று இருப்பதே மனதில் பதியாது. வருகிறவர்கள் வலது பக்கம் நின்று பேசட்டும், அவர்கள் பார்க்கவில்லையே என்று மகன் வந்து கலங்க வேண்டாம். கண்ணாடி போடுகிறவர்களா? வீட்டிலிருந்து எடுத்துவரச் சொல்லுங்கள்.

---

கடகம்_லக்னம் எழுதியது:

சந்திராஷ்டமம் பற்றி நான் எழுதியதை வாபஸ் வாங்குகிறேன், அந்த இரண்டு நாள் கணக்கு எனக்குத் தெரியாது. ஆனால் பரிகாரம்? திருக்கடையூர் போய் வரச் சொல்லலாமே, ஒரு மிருத்யுஞ்சய ஹோமம். அதில் பலன் எதுவும் சொல்லவில்லையே.

---

திருவையாறு மாமா எழுதியது:

கேட்டால் சொல்லுங்கள், கேட்காமல் சொன்னால் "செய்யாததால்தான்" என்ற பாரம் அந்தப் பையன் தலையில் ஏறும். தங்கை பக்கத்தில் இருக்க வேண்டிய நேரத்தில் அவளைத் திருக்கடையூருக்கு அனுப்பாதீர்கள். வீட்டில் யாராவது விளக்கேற்றட்டும், போதும்.

பித்தன், இரண்டு மணிச் செய்திக்கு நான் எழுதுவதாக இருந்தால் இப்படி எழுதுவேன், உங்கள் பேச்சுக்கு மாற்றிக்கொள்ளுங்கள்: "நான் திறக்கவில்லை, அம்மா மேல் ஆணை. வா என்று சொன்னது ஜோதிடன் இல்லை, உன் கூடப் படித்தவன். உன் தங்கை தனியாக வாசலில் உட்கார்ந்திருக்கிறாள், டாக்டர் கேட்கிற கையெழுத்தை அவள் ஒருத்தியாகப் போட வேண்டாம், அதற்காக வா. இதே அம்மா கால் முறிந்து படுத்திருந்தாலும் வா என்றுதான் சொல்லியிருப்பேன்."

---

எதுக்கு_இதெல்லாம் எழுதியது:

இதில் எனக்கு ஆட்சேபனை இல்லை. ஆணை மட்டும் எதற்கு?

---

திருவையாறு மாமா எழுதியது:

அவன் நம்புவதற்கு.

---

சுமதி பெ எழுதியது:

அந்தப் பத்து நாள் லீவுக்கு என்ன சொன்னீர்கள் பித்தன்? எனக்கு அதுதான் ஓடிக்கொண்டே இருக்கிறது. இப்போது வந்தால் பிறகு இல்லை, பிறகு என்று வைத்தால் இப்போது இல்லை. அதற்கு யாரிடமும் பதில் இருந்த மாதிரி தெரியவில்லை.

---

பஞ்சாங்கப்பித்தன் எழுதியது:

என்னிடமும் இல்லை அக்கா, அதையேதான் அவனிடம் சொன்னேன். எப்போது தேவைப்படும் என்று எனக்குத் தெரியாது, நீ வருகிற நாளில் அம்மா கண் திறந்து பார்ப்பார்களா என்றும் தெரியாது, எந்தப் பத்து நாளைத் தேர்ந்தெடுத்தாலும் அதில் நானும் இருப்பேன் என்று சொன்னேன். மாமா எழுதிக்கொடுத்ததை என் பேச்சில் மாற்றி அனுப்பினேன், ஆணையை எடுத்துவிட்டேன், அவனுக்கு என்னைத் தெரியும். ஐந்து நிமிஷம் கழித்து டிக்கெட்டின் படம் வந்தது, வேறு ஒரு வார்த்தை இல்லை.

இன்று நாலாம் நாள். வீக்கம் இன்னும் இருக்கிறது என்கிறார் டாக்டர், நாளை மறுபடி ஸ்கேன். மூக்கில் குழாய் போட்டுக் கஞ்சி போகிறது. நேற்று ஒரு அத்தை தூக்கில் துளசித் தீர்த்தம் கொண்டுவந்தார், வாயில் விடக்கூடாது என்று சொல்லித் தலையில் தெளிக்க வைத்தோம், கொஞ்சம் முறைத்தார். கண்ணாடி வீட்டில் எங்கேயும் கிடைக்கவில்லை, கட்டிலுக்கடியில் கால் உடைந்து கிடந்ததை என் வீட்டுக்காரி தேடி எடுத்து நூலால் கட்டி வைத்திருக்கிறாள். ராத்திரி ஒன்றரைக்குத் திருச்சியில் இறங்குகிறான், வண்டி எடுத்துக்கொண்டு போகிறேன்.

---

மணல்மேடு எழுதியது:

பித்தன் ஐயா, விவரத்தை எடுத்துவிடுகிறேன், மன்னிக்கவும். நீங்கள் கேட்டதற்கு, ஆமாம், நான் ஒருவன்தான் போகிறேன். நாலு மணி நேரம் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன். யாரும் இதுவரை கேட்டதில்லை.

---

பஞ்சாங்கப்பித்தன் எழுதியது:

எந்தெந்தக் கிழமை?